அக்ரிமென்ட், டோக்கன் ரசீது, கிரையப் பத்திரம்: இடம் வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிவில் வழக்குகள் நடத்தும் எவரிடமும் இந்தக் கேள்விகள் வாரந்தவறாமல் வரும். கேட்பவர்களில் பெரும்பாலோர் பணத்தைக் கொடுத்த பிறகுதான் வருகிறார்கள். கொடுப்பதற்கு முன் படிக்க ஒரு பக்கம் இருக்கட்டும் என்று, அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டில் தனியாரிடம் மனை, வீடு, நிலம் வாங்குவதைப் பற்றியவை. பில்டரிடம் ஃபிளாட் வாங்குவதற்கு ரெரா சட்டம் தனியாக இருக்கிறது. அங்கே பத்து சதவீதத்துக்கு மேல் பணம் வாங்குமுன் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. இடம் இனி என்னோடதுதானே?

இல்லை. கிரையப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் வரை அந்த இடம் விற்பவருடையதுதான். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 54 இதை நேரடியாகவே சொல்கிறது: நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்த ஆவணத்தால்தான் நடக்கும், விற்பதற்கான ஒப்பந்தம் மட்டும் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. முழு விலையையும் கொடுத்து முடித்திருந்தாலும் இதே நிலைதான். அக்ரிமென்டோடு பொது அதிகாரப் பத்திரமும் எழுதி வாங்கியிருந்தால்கூட உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே அக்ரிமென்ட் கையில் இருப்பதால் பட்டா மாற்ற முடியாது, வேறொருவருக்கு விற்க முடியாது. பக்கத்து மனைக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டால் அவர்மீது உங்கள் பெயரில் வழக்குப் போடவும் முடியாது. அது உரிமையாளர் போட வேண்டிய வழக்கு. இதை 2025 ஏப்ரலில் ஒரு பெங்களூரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது.

அப்போ அக்ரிமென்டுக்கு என்னதான் மதிப்பு?

அது இடத்தின் மீதான உரிமை அல்ல, ஆளின் மீதான உரிமை. "சொன்ன விலைக்கு, சொன்ன காலத்துக்குள் எனக்குக் கிரையம் எழுதித் தா" என்று அந்த விற்பவரை நீதிமன்றம் மூலம் கட்டாயப்படுத்தும் உரிமை. இதற்கான வழக்கை ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு என்பார்கள். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீருதவிச் சட்டத்தின் கீழ் அது வரும். முன்பு இந்தத் தீர்ப்பைக் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. 2018 அக்டோபர் 1 முதல் அமலான திருத்தம் அந்த விருப்புரிமையை எடுத்துவிட்டது. சட்டத்தில் சொன்ன விலக்குகள் இல்லாவிட்டால், ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லியே ஆக வேண்டும். விலக்குகளில் வாங்குபவரை அதிகம் கவிழ்ப்பது எது என்பதைக் கெடு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இரண்டாவது, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை. இதில் பலருக்குத் தெரியாத ஒரு பலம் இருக்கிறது. உங்கள் பக்கம் தவறு இல்லாதபோது, கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தே பிணையாக நிற்கும் என்று அதே 1882 சட்டத்தின் பிரிவு 55 சொல்கிறது. அதாவது விற்பவர் கையில் காசு இல்லை என்றாலும், அந்த இடத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்து பணத்தை வசூலிக்கக் கேட்கலாம். மூன்றாவது நஷ்டஈடு. நடைமுறையில் இது நிரூபிக்கக் கடினம், கிடைப்பதும் குறைவு.

என்கிட்ட வெறும் டோக்கன் ரசீதுதான் இருக்கு, அக்ரிமென்ட் போடலை. அது செல்லுமா?

தாளின் மேலே என்ன தலைப்பு என்பதை நீதிமன்றம் பார்ப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கும். யார் விற்கிறார், யார் வாங்குகிறார், எந்த இடம், என்ன விலை என்ற நான்கும் முடிவாகி, விற்பவரின் கையெழுத்தும் இருந்தால் ஒரு பக்க ரசீதுகூட ஒப்பந்தமாக நிற்க முடியும். மாறாக, "இடம் சம்பந்தமாக ரூ.50,000 பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருந்தால் அது பணம் வாங்கியதற்கான சாட்சி, அவ்வளவுதான். அதை வைத்துப் பணத்தைக் கேட்கலாம், கிரையம் கேட்பது மிகக் கடினம்.

நான் பார்த்த ரசீதுகளில் பாதிக்கு மேல் விலையே இருக்காது. "சென்ட் விலை பேசிக்கிட்டோம்" என்பார்கள். அது யாருடைய நினைவில் எவ்வளவு என்பதுதான் பின்னால் சண்டை. இன்னொன்று, "இதர நிபந்தனைகள் அக்ரிமென்டில் முடிவு செய்யப்படும்" என்ற வரி. இந்த வரி இருந்தால், பேச்சு இன்னும் முடியவில்லை, ஒப்பந்தமே உருவாகவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதம் எடுபடவும் செய்யும்.

சரி, டோக்கன் கொடுக்கும்போது ரசீதில் என்ன எழுதி வாங்கணும்?

இப்படி ஒரு பத்தி போதும்: "இன்ன ஊர், இன்ன கிராமம், சர்வே எண் இன்னது, மனை எண் இன்னது, 1,200 சதுர அடி மனையை மொத்தம் ரூ.40,00,000க்கு இன்னாருக்கு விற்கச் சம்மதித்து, அந்த விலையில் ஒரு பகுதியாக ரூ.51,000ஐ இன்ன தேதியில் வங்கிக் கணக்கு மூலம் பெற்றுக்கொண்டேன். மூல ஆவணங்களைப் பத்து நாளில் காட்டுகிறேன். ஆவணங்களில் குறை இருந்தால் இந்தத் தொகையை முழுதாகத் திருப்பித் தருகிறேன். குறை இல்லாவிட்டால் இன்ன தேதிக்குள் அக்ரிமென்ட் போடுகிறோம்." ஐயாயிரத்துக்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து.

கையெழுத்துப் போடுபவர் யார் என்பதையும் பாருங்கள். புரோக்கர் எழுதிக் கொடுத்த ரசீது உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது, அவருக்கு உரிமையாளர் அதிகாரம் கொடுத்ததைக் காட்ட முடிந்தால் தவிர. புரோக்கர் கணக்குக்குப் பணம் அனுப்பியிருந்தால் அதை உரிமையாளரிடம் கேட்பதே தனிப் போராட்டமாகிவிடும். டோக்கன் எவ்வளவு சிறியதானாலும் உரிமையாளரின் கணக்குக்கே போகட்டும்.

அக்ரிமென்டைப் பதிவு பண்ணணுமா? முத்திரைத் தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டால் போதாதா?

தமிழ்நாட்டில் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சட்டத்தில் தமிழகம் கொண்டுவந்த திருத்தத்தின்படி 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். பல மாநிலங்களில் இப்படி இல்லை என்பதால், வெளிமாநில யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு "தேவையில்லையாமே" என்று வருபவர்கள் உண்டு. கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதமானால் அபராதத்தோடு மேலும் நான்கு மாதம் கிடைக்கலாம்.

பதிவு செய்யாவிட்டால் எல்லாம் போச்சா என்றால், அதுவும் இல்லை. ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று பதிவுச் சட்டம் பிரிவு 49இல் ஒரு விலக்கு இருக்கிறது. தமிழகத் திருத்தத்துக்குப் பிறகும் அந்த விலக்கு பொருந்தும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே பழைய பதிவாகாத அக்ரிமென்ட் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஆனாலும் பதிவு செய்யச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. பதிவான அக்ரிமென்ட் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதே இடத்தை வாங்க வரும் அடுத்த ஆள் வில்லங்கம் போட்டால் உங்கள் பெயர் தெரியும். அவர் பார்க்கவே இல்லை என்றாலும், பதிவான ஆவணத்தை அவர் அறிந்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பதிவாகாத அக்ரிமென்டுக்கு இந்தக் காவல் கிடையாது. இதன் அருமை, வேறு ஆளுக்கு விற்றுவிட்ட கேள்வி வரும்போது தெரியும்.

டோக்கன் கொடுத்த பிறகு நான்தான் வேண்டாம்னு சொல்றேன். பணம் திரும்ப வருமா?

எதனால் வேண்டாம் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆவணத்தில் குறை இருந்தால், விற்பவர் மறைத்த அடமானமோ வழக்கோ தெரியவந்தால், முழுப் பணத்தையும் கேட்கலாம். அது நீங்கள் பின்வாங்கியது ஆகாது. வீட்டில் மனசு மாறிவிட்டது, இதைவிட நல்ல இடம் கிடைத்துவிட்டது என்றால் நிலைமை வேறு.

இங்கே நீதிமன்றங்கள் ஒரு வித்தியாசம் பார்க்கின்றன. பேச்சை உறுதிப்படுத்துவதற்காகக் கொடுக்கும் தொகை ஒன்று. விலையில் ஒரு பகுதியாக முன்கூட்டியே கொடுக்கும் தொகை இன்னொன்று. வாங்குபவர் தவறினால் முதலாவதை விற்பவர் வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால். இரண்டாவதை, நஷ்டத்தைக் காட்டாமல் அப்படியே விழுங்க முடியாது. 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு டெல்லி வழக்கில் விலை ரூ.1,12,500. உறுதித்தொகையாக ரூ.1,000, பிறகு சொத்தை ஒப்படைத்தபோது ரூ.24,000 கைமாறியிருந்தது. வாங்குபவர் தவறியும், ஆயிரத்தை மட்டுமே பறிக்கலாம், இருபத்து நாலாயிரத்தைப் பறிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

ஆகவே அக்ரிமென்டில் "தவறினால் முன்பணம் முழுவதும் இழப்பு" என்ற வரி இருந்தால், எவ்வளவு தொகைக்கு அது பொருந்தும் என்று கேளுங்கள். நாற்பது லட்ச ரூபாய் இடத்துக்குப் பதினைந்து லட்சம் கொடுத்துவிட்டு இந்த வரிக்குக் கையெழுத்துப் போடுபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. "முன்பணத்தில் ரூ.1,00,000 மட்டும் உறுதித்தொகை, மீதி விலையின் பகுதி" என்று பிரித்து எழுதுவதற்கு ஒரு வரி போதும்.

விற்பவர் பின்வாங்கிட்டார். "அட்வான்ஸை ரெண்டு மடங்கா தர்றேன், விட்டுடுங்க"ன்னு சொல்றார். வாங்கித்தான் ஆகணுமா?

கட்டாயமில்லை. அக்ரிமென்டிலேயே "விற்பவர் தவறினால் இரண்டு மடங்கு தர வேண்டும்" என்று எழுதியிருந்தாலும், அந்த வரி கிரையம் கேட்கும் உங்கள் உரிமையை அடைக்காது. தவறுபவருக்கு அபராதமாகத்தான் அந்தத் தொகை பேசப்பட்டது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆனால் "விற்பவர் கிரையம் எழுதித் தரலாம் அல்லது அதற்குப் பதில் இவ்வளவு தொகை தரலாம்" என்று அவருக்குத் தெரிவு கொடுப்பதுபோல் எழுதியிருந்தால் பணம் மட்டும்தான். எழுதுபவர் பழைய வார்ப்பில் இருந்து எடுத்து ஒட்டும் வரி இது; கையெழுத்துக்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பது வேறு கணக்கு. விலை பெரிதாக ஏறவில்லை, இடத்தின் மீது தனி ஆசை இல்லை என்றால், இரண்டு மடங்கை வங்கி மூலம் வாங்கிக்கொண்டு, அக்ரிமென்ட் பதிவாகியிருந்தால் ரத்துப் பத்திரமும் இருவரும் சேர்ந்து பதிவு செய்து முடிப்பதே நல்லது என்பது என் கருத்து. பணம் கணக்கில் ஏறும் முன் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

மூணு மாசக் கெடு முடிஞ்சு போச்சு. அக்ரிமென்ட் காலாவதி ஆயிடுச்சா?

தானாகக் காலாவதி ஆகாது. அசையாச் சொத்து ஒப்பந்தத்தில் குறித்த நாள் உயிர்நாடி என்று எடுத்த எடுப்பில் கருத முடியாது என்பது நெடுங்காலமாக உள்ள நிலை. கெடு எழுதியிருந்தால் அந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கெடு எழுதவில்லை என்றால், விற்பவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்.

ஆபத்து இந்த மூன்று வருடத்திலேயே இருக்கிறது. "அதான் மூணு வருஷம் இருக்கே" என்று உட்கார்ந்திருப்பவர்கள் தோற்கிறார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு மதுரை வீட்டு வழக்கு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1978இல் ஒப்பந்தம், விலை ரூ.60,000, முன்பணம் ரூ.5,000, கெடு ஆறு மாதம். வாங்குபவர் இரண்டரை வருடம் ஒன்றுமே செய்யவில்லை. அதற்குள் மதுரையில் வீட்டு விலை மூன்று மடங்கானது. பிறகு நோட்டீஸ், வழக்கு. மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டிருந்தும் அவருக்கு வீடு கிடைக்கவில்லை. நகரச் சொத்தின் விலை வேகமாக ஏறும் காலத்தில், கெடுவுக்கு மதிப்பே இல்லாததுபோல் நடக்க முடியாது என்றது நீதிமன்றம்.

2018க்குப் பிறகு விருப்புரிமை போய்விட்டதே, இந்தத் தீர்ப்பு இன்னும் உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. உதவும். ஏனென்றால் வாங்குபவர் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்பதை அவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. இதுதான் முன்னால் சொன்ன விலக்கு. நீண்ட மௌனம், விருப்பம் இல்லை என்பதற்கான சாட்சியாக மாறிவிடும்.

"தயாராக இருந்தேன்"னு எப்படி நிரூபிக்கிறது? முழுப் பணத்தையும் கோர்ட்ல கட்டணுமா?

நீதிமன்றம் கேட்டால் ஒழியக் கட்ட வேண்டாம். ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். ஒரு கற்பனை உதாரணத்தில் பார்ப்போம். மனை விலை ரூ.40 லட்சம். டோக்கன் உட்பட முன்பணம் ரூ.4 லட்சம். ஜனவரி 10 அன்று அக்ரிமென்ட் பதிவு, கெடு ஏப்ரல் 10. பட்டா விற்பவரின் அப்பா பெயரில் இருக்கிறது. அதைத் தன் பெயருக்கு மாற்றித் தருவதாக விற்பவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பாக்கி ரூ.36 லட்சம் மட்டும் அல்ல, வாங்குபவர் வைத்திருக்க வேண்டியது. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தால் 40 லட்சத்துக்கு ரூ.3.60 லட்சம். ஆக ரூ.39.60 லட்சத்துக்கு வழி காட்ட வேண்டும். நம் வாங்குபவரிடம் ரூ.28 லட்சத்துக்கு வங்கியின் கடன் ஒப்புதல் கடிதமும், வைப்பும் சேமிப்புமாக ரூ.12 லட்சமும் இருக்கிறது. போதும். கடன் ஒப்புதல் இல்லாமல் "மச்சான் தருவதாகச் சொன்னார்" என்றால் மச்சான் சாட்சிக்கூண்டுக்கு வந்து தன் கணக்கைக் காட்ட வேண்டியிருக்கும்.

மார்ச் முதல் வாரத்தில் அவர் விற்பவருக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார்: பட்டா மாறிவிட்டதா, கிரைய வரைவு இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். பதில் இல்லை. மார்ச் கடைசியில் வக்கீல் நோட்டீஸ், ஒப்புகையுடன் தபாலில்: ஏப்ரல் 9 காலை 11 மணிக்கு இன்ன சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவும், பாக்கிக்கு ஏற்பாடு தயார். அன்று அவர் போகிறார், விற்பவர் வரவில்லை. பதிவுக்கு முன்பதிவு செய்த சீட்டும், எடுத்து வைத்த வரைவோலையும், கூட வந்த சாட்சியும் இருக்கிறார்கள். மே மாதமே வழக்கு. இப்படி நடந்தவரிடம் "நீ தயாராக இல்லை" என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் "எப்போ சார் ரிஜிஸ்ட்ரேஷன்?" என்று கேட்ட செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள், ஆனால் அதையே நோட்டீஸாக நம்ப வேண்டாம்.

நான் வழக்குப் போடுறதுக்குள்ள வேற ஒருத்தருக்குக் கிரையம் பண்ணிக் கொடுத்துட்டார். இனி என்ன செய்ய?

புதிதாக வாங்கியவர் உங்கள் ஒப்பந்தத்தை அறியாமல், நல்லெண்ணத்தில், விலை கொடுத்து வாங்கியிருந்தால் அவரை அசைக்க முடியாது. அறிந்து வாங்கியிருந்தால், அவரையும் வழக்கில் சேர்த்து, இருவரும் சேர்ந்து உங்களுக்குக் கிரையம் எழுதித் தரும்படி கேட்கலாம். உங்கள் அக்ரிமென்ட் பதிவாகியிருந்தால் "எனக்குத் தெரியாது" என்பது அவர் வாயில் நிற்காது. காரணத்தைப் பதிவு பற்றிய பதிலில் சொன்னேன். பதிவாகாவிட்டால், அவருக்குத் தெரியும் என்பதை வேறு வழியில் காட்ட வேண்டும். உதாரணமாக, நீங்கள் அந்த வீட்டில் குடியிருந்தால், வாங்க வருபவர் விசாரித்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கும்.

வழக்குப் போட்ட பிறகு விற்றால் கவலை குறைவு. நிலுவையில் உள்ள வழக்கின் முடிவு, இடையில் வாங்கியவரையும் கட்டும். இருந்தாலும் வழக்குடன் சேர்த்தே, விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடையுத்தரவும் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்டது அண்ணன் மட்டும்தான். அப்பா சொத்து. இப்போ தங்கச்சி சம்மதிக்க மாட்டேங்கிறாங்க.

தங்கையின் பங்கை அந்த அக்ரிமென்ட் தொடாது. அண்ணனால் தன் பங்கைத்தான் விற்க முடியும். அவருடைய பங்கை மட்டும் கேட்டு வழக்குப் போட வழி உண்டு, ஆனால் பிரியாத சொத்தில் ஒரு பங்கை வாங்கினால் அடுத்துப் பாகப்பிரிவினை வழக்கும் உங்கள் தலையில்தான். அப்பா பெயரில் பட்டா என்று தெரிந்ததுமே வாரிசுச் சான்று கேட்டு, அதில் உள்ள எல்லோரிடமும் அக்ரிமென்டிலேயே கையெழுத்து வாங்குவதைத் தவிர இதற்குச் சுலபமான மருந்து இல்லை.

அக்ரிமென்ட் போட்ட பிறகு விற்பவர் இறந்துட்டார். அதோட முடிஞ்சதா?

முடியாது. ஒப்பந்தம் வாரிசுகளையும் கட்டும். அவர்கள் எல்லோரையும் சேர்த்து நோட்டீஸ் கொடுத்து, தேவைப்பட்டால் எல்லோர்மீதும் வழக்குப் போட வேண்டும். ஆனால் அவர் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரம் பொதுவாக அவரோடு போய்விடும். அதை வைத்து இறப்புக்குப் பிறகு கிரையம் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சாவியைக் கொடுத்துட்டாங்க, குடியும் வந்துட்டோம். இனி எங்களை வெளியேத்த முடியாதுதானே?

எழுத்து ஒப்பந்தத்தின்படி சொத்தைக் கையில் எடுத்து, உங்கள் கடமையைச் செய்யவும் தயாராக இருப்பவரை விற்பவர் வெளியேற்ற முடியாது என்று 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 53ஏ காக்கிறது. ஆனால் 2001 செப்டம்பர் 24க்குப் பிந்தைய ஒப்பந்தம் என்றால், அது பதிவாகியிருந்தால்தான் இந்தக் காவல். பதிவாகாத அக்ரிமென்டை நம்பி லட்சக்கணக்கில் செலவழித்து மாடி எடுத்தவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

பதிவாகியிருந்தாலும் இது தற்காப்புக் கேடயம்தான். இதை வைத்து உரிமையாளர் ஆகிவிட முடியாது. மூன்று வருடக் கெடுவும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். "குடியிருக்கிறோமே" என்று கிரையத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அட்வான்ஸ் பாதி ரொக்கமா கொடுத்தேன். கோர்ட்ல அதைச் சொல்லலாமா?

உண்மையைத்தான் சொல்ல வேண்டும், ஆனால் விளைவு தெரிந்து சொல்லுங்கள். சொத்து விற்பனைக்கான முன்பணம் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடை செய்திருக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். மேலே சொன்ன 2025 தீர்ப்பிலேயே, ரூ.2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுத்ததாக ஒரு வழக்கில் சொல்லப்பட்டால் நீதிமன்றம் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பணம் உங்களுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி அங்கே வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நிரூபணம். அக்ரிமென்டில் எழுதாத ரொக்கத்தை விற்பவர் "வாங்கவே இல்லை" என்றால் அதை எடுக்க வழியில்லாமல் போகலாம்.

போலீஸில் மோசடிப் புகார் கொடுத்தா சீக்கிரம் முடியாதா?

ஒப்பந்தத்தை மீறினாலே மோசடி ஆகாது. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். அடமானத்தை மறைத்தது, தனக்குச் சொந்தமில்லாத இடத்தைக் காட்டியது, ஒரே இடத்துக்குப் பலரிடம் அட்வான்ஸ் வாங்கியது போன்றவை அப்படிப்பட்டவை. வெறுமனே விலை ஏறியதால் மனம் மாறியவர்மீது புகார் நிற்காது. புகார் நடக்கட்டும் என்று சிவில் வழக்கைத் தள்ளிப்போட்டால் மூன்று வருடம் கரைந்துவிடும். புகாருக்காக அந்தக் கெடு நிற்காது.

வழக்குப் போட எவ்வளவு ஆகும்? ஜெயித்தால் கிரையம் எப்படி நடக்கும்?

நீதிமன்றக் கட்டணம் ஒப்பந்த விலையின் மீது 3 சதவீதம். மேலே உள்ள 40 லட்ச உதாரணத்தில் ரூ.1.20 லட்சம். வக்கீல் கட்டணம் தனி.

வழக்கு எழுதும்போதே ஒன்றைக் கவனியுங்கள். கிரையம் முதல் கோரிக்கை. "அது கிடைக்காத பட்சத்தில் முன்பணத்தை வட்டியுடன் திருப்பித் தரவும், அதற்குச் சொத்தைப் பிணையாக்கவும்" என்பது மாற்றுக் கோரிக்கை. இரண்டையும் எழுத வேண்டும். கேட்காத முன்பணத்தை நீதிமன்றம் தானாகத் தராது. குறித்தவகைத் தீருதவிச் சட்டத்தின் பிரிவு 22 அப்படித்தான் சொல்கிறது. விட்டுப்போயிருந்தால், வழக்கு நடக்கும் எந்தக் கட்டத்திலும் திருத்தம் கேட்டுச் சேர்க்கலாம். கிரையத்தை மட்டும் கேட்டு, தயார்நிலையை நிரூபிக்க முடியாமல் தோற்று, முன்பணத்தையும் சேர்த்து இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஜெயித்தால், இத்தனை நாளுக்குள் பாக்கியைக் கட்டு என்று தீர்ப்பில் இருக்கும். அந்த நாளுக்குள் நீதிமன்றத்தில் கட்டிவிடுங்கள், மேல்முறையீடு வரும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டத் தவறினால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யும்படி விற்பவர் மனுப்போடலாம். பணம் கட்டியும் அவர் எழுதித் தராவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். அவர் சார்பில் நீதிமன்றமே கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவுக்கு அனுப்பும். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் அன்றைய விகிதப்படி நீங்கள்தான் கட்ட வேண்டும். சொத்தை ஒப்படைக்கும் கோரிக்கையையும் வழக்கிலேயே சேர்த்திருந்தால், சாவிக்காக இன்னொரு வழக்கு தேவைப்படாது.